அத்தியாயம் 6: விழுந்த மரத்தின் கணக்கு

2018 நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காரைக்கால் அதன் வடக்கு ஓரத்தில் இருந்ததால், பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தோப்புத் தோப்பாகப் படுத்ததுபோல் இங்கே படுக்கவில்லை. ஆனால் அந்தப் புயல் டெல்டாக் கரையோரம் முழுவதற்கும் ஒரு பாடத்தை விட்டுப்போனது. தென்னை விழுந்த பிறகு உழவருக்கு வரும் பணம், விழுந்த மரத்தை யார் எந்த முறையில் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

அப்போது தமிழ்நாடு அரசு, விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு, ஒரு எக்டேர் முழுவதும் போனால் 1,92,500 ரூபாய் என்றும் சொன்னது. வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த ஆணை பொருந்தும். இந்தப் பக்கம் இருக்கும் நமக்குப் புதுச்சேரி அரசு தனியாக ஆணை போட வேண்டும். ஒரே காற்று, ஒரே மண், ஒரே இரவு என்றாலும், வேலிக்கு இரண்டு பக்கமும் நிவாரணக் கணக்கு வேறாகலாம். காரைக்காலில் தோப்பு வைத்திருப்பவர் அரசு நிவாரணத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். எல்லை எதுவானாலும், காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு.

தென்னைக்கும் வாழைக்கும் காப்பீடு ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. தென்னையில் மரம் மரமாக எண்ணுகிறார்கள். வாழையில் பெரும்பாலும் எண்ணுவதே இல்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே புரிந்துகொள்ளாமல், பணம் கட்டிய பிறகு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அதனால் தென்னையை முதலில் விரிவாகப் பார்த்துவிட்டு வாழைக்கு வருவோம்.

தென்னை மரக் காப்பீடு

இந்தத் திட்டம் தென்னை வளர்ச்சி வாரியத்தினுடையது. அதை நடத்துவது இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம். 2009-10இல் சோதனை முறையில் தொடங்கியது. நெட்டை ரகமானால் 7ஆம் ஆண்டிலிருந்தும், குட்டை, ஒட்டு ரகங்களானால் 4ஆம் ஆண்டிலிருந்தும் காப்பீடு செய்யலாம். 60 வயதைத் தாண்டிய மரத்துக்கு இடமில்லை. மரங்களை இரண்டு வயதுப் பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். 4 முதல் 15 வயது வரையுள்ள மரத்துக்குக் காப்பீட்டுத் தொகை 900 ரூபாய், ஆண்டுப் பிரீமியம் 9 ரூபாய். 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு 1,750 ரூபாய், பிரீமியம் 14 ரூபாய்.

பிரீமியத்தில் பாதியை வாரியம் கட்டுகிறது. கால் பங்கை மாநில அரசு கட்ட வேண்டும், மீதிக் கால் பங்கு உங்களுடையது. ஆக, இளமரத்துக்கு 2 ரூபாய் 25 காசு, முதிர்ந்த மரத்துக்கு 3 ரூபாய் 50 காசு. மாநில அரசு தன் பங்கைக் கட்ட ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தக் கால் பங்கும் உங்கள் தலையில் விழும், நீங்கள் பாதிப் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும். எனவே ஒவ்வோர் ஆண்டும் உங்கள் ஊர் உழவர் உதவியகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த ஆண்டு புதுச்சேரி அரசு தன் பங்கை ஏற்றிருக்கிறதா என்பது. அப்போதே தொகையும் பிரீமியமும் மாறியிருக்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 14 ரூபாயில் பாதி என்றாலும் 7 ரூபாய்தான், அதற்காக யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

இரண்டு நிபந்தனைகளை மறக்கக் கூடாது. ஒரே தொடர்ச்சியான நிலத்தில் உள்ள, தகுதியான வயதுள்ள, நோயற்ற மரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே காப்பீடு செய்ய வேண்டும். கடலோரத்து வரிசைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், உள்ளே இருப்பது விழாது என்று பிரித்து எடுக்க முடியாது. இரண்டாவது, பத்திரம் எடுத்த நாளிலிருந்து முதல் 30 நாட்களுக்குள் நேரும் இழப்புக்குப் பணம் கிடையாது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலியில் கேட்ட பிறகு ஓடினால் பயனில்லை. நம் புயல் மாதங்கள் அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடிய நீள்கின்றன. 2011இல் தானே டிசம்பர் 30ஆம் தேதி வந்தது. ஆகஸ்டுக்குள் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் நிம்மதி. இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குச் சேர்த்தும் எடுக்கலாம். அப்படி எடுத்தால் பிரீமியத்தில் கழிவு உண்டு, ஆண்டுதோறும் நினைவு வைத்துக்கொள்ளும் வேலையும் மிச்சம்.

எது இழப்பு என்பதில்தான் பெரும்பாலான தகராறு. மரம் செத்துப்போக வேண்டும் அல்லது இனிக் காய்க்கவே காய்க்காது என்ற நிலைக்கு வர வேண்டும். காய் உதிர்ந்தது, பாளை ஒடிந்தது, மட்டை பாதி போனது, ஓராண்டு வருமானம் இல்லை என்பதெல்லாம் இதில் வராது. புயலுக்குப் பிறகு இரண்டு ஆண்டு காய்ப்புக் குறையும் என்பது நமக்குத் தெரியும், அந்த நஷ்டம் உண்மையானது. ஆனால் இந்தப் பத்திரம் அதை ஏற்கவில்லை.

புயலுக்கு முன் எண்ணிக்கை

இழப்பைச் சரியாக எண்ண வேண்டுமானால், நிற்கும்போதே எண்ணியிருக்க வேண்டும். பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே, மண் இன்னும் காய்ந்திருக்கும்போது, தோப்பின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக ஒவ்வொரு மரத்துக்கும் எனாமல் பெயிண்டில் எண் போடுங்கள். எண்ணைத் தூரிலிருந்து மூன்று அடி உயரத்துக்குள் போட வேண்டும். காற்றில் முறியும் தென்னை பெரும்பாலும் அதற்கு மேலேதான் முறிகிறது. கண்ணுக்கு நேராக ஐந்தடியில் போட்ட எண், முறிந்த துண்டோடு பக்கத்துத் தோப்புக்குள் போய்விடும். கீழே போட்ட எண் கட்டையிலேயே நிற்கும். வெட்டி அப்புறப்படுத்தும்போதும் அந்த மூன்றடிக் கட்டையை விட்டுவைத்தால், எண்ண வருபவருக்குச் சாட்சி அங்கேயே இருக்கும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ரகம், வயது, காய்க்கிறதா, நோய் இருக்கிறதா என்று எழுதுங்கள். வயது என்பது இங்கே வெறும் தகவல் இல்லை. 15இலிருந்து 16ஆனால் தொகை 900 ரூபாயிலிருந்து 1,750 ரூபாயாகிறது. நட்ட ஆண்டுக்குச் சீட்டு எதுவும் இல்லாத பழைய தோப்பில், மரமே ஓரளவுக்கு வயது சொல்லும். நன்றாகப் பராமரித்த நெட்டை மரம் ஆண்டுக்குச் சுமார் 12 மட்டை விடும். மட்டை விழுந்த வடு ஒவ்வொன்றும் தண்டில் வளையமாக நிற்கும். வளையங்களை எண்ணி 12ஆல் வகுத்து, தண்டு வெளியே தெரிவதற்கு முன்பான நான்கைந்து ஆண்டைக் கூட்டினால் ஏறக்குறைய வயது வரும். வறட்சியில் தவித்த மரத்தில் வளையம் குறைவாகவும் நெருக்கமாகவும் இருக்கும் என்பதால் இது உத்தேசம்தான். மதிப்பிட வருபவர்கள் கீழே கிடக்கும் மரத்தில் இப்படி எண்ணிப் பார்ப்பதுண்டு. நீங்களும் எண்ணி வைத்திருந்தால் பேச்சு விரைவில் முடியும்.

நோய் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர் வாடல் என்று நாம் சொல்லும் நோய், 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கரையோரத்தில்தான் தமிழ்நாட்டில் முதலில் கண்டறியப்பட்டது. தூரில் செம்பழுப்பு நிறத்தில் சாறு கசியும், அது மெல்ல மேலே ஏறும். உள்ளே வேர் அழுகியிருக்கும். அப்படிப்பட்ட மரம் சாதாரணக் காற்றுக்கே சாயும். புயலில் விழுந்தாலும், வேர்த்தொகுதி அழுகிக் கறுத்திருப்பதைப் பார்த்ததும், இது புயலால் விழுந்ததா நோயால் விழுந்ததா என்ற கேள்வி எழும். கேள்வி எழுந்தால் அந்த ஒரு மரத்தோடு நிற்காது, மற்ற மரங்களையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவார்கள். எனவே கசிவு தெரியும் மரத்துக்கு எண்ணோடு ஒரு வட்டம் போட்டு, நோட்டிலும் அப்படியே எழுதி, விண்ணப்பத்திலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டு மரத்தின் தொகையை விட்டுக்கொடுத்தாலும், மீதி மரங்களின் கணக்கு சுத்தமாக நிற்கும்.

கோயில் நிலத்திலோ பிறர் நிலத்திலோ குத்தகைக்குத் தோப்பு வைத்திருப்பவர்கள் காகிதத்தை இப்போதே சரிசெய்ய வேண்டும். பட்டா ஒருவர் பெயரில், மரம் இன்னொருவர் பராமரிப்பில், பத்திரம் மூன்றாமவர் பெயரில் என்று இருந்தால், மரத்தை எண்ணி முடித்த பிறகும் பணம் நிற்கும். குத்தகைச் சீட்டும், நிலத்துக்காரரின் சம்மதக் கடிதமும், கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் விண்ணப்பத்தோடே போகட்டும்.

எண்ண வரும் நாள்

புயல் ஓய்ந்த காலையில் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம், வழியை மறித்துக் கிடக்கும் மரத்தை அறுப்பது. வீட்டுக்கும் மின்கம்பிக்கும் மேல் விழுந்ததை அறுக்கத்தான் வேண்டும். தோப்புக்குள் கிடப்பதை விட்டுவையுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் உழவர் உதவியகத்துக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பத்திரத்திலேயே எழுதியிருக்கும், ஆனால் அந்தக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நோட்டையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு, எண் வரிசையில் நடந்து, ஒவ்வொரு மரத்தையும் எண் தெரியும்படி ஒரு படமும், முழுமரம் தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். இடமும் நேரமும் படத்திலேயே பதியும்படி கேமராவை அமைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எண்ண வருபவர்கள் பார்க்கும் நிலைகள் ஐந்து. அவற்றில் மூன்றில் தகராறு இல்லை. வேரோடு பெயர்ந்து படுத்தது, தண்டு நடுவில் முறிந்தது, கொண்டை ஒடிந்து தண்டு மட்டும் மொட்டையாக நிற்பது. இந்த மூன்றுமே போன மரங்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான், குருத்து போனால் பக்கத்தில் துளிர்க்காது.

நான்காவது, சாய்ந்து நிற்பது. இதில்தான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். சாய்ந்த திசைக்கு எதிர்ப்பக்கம் போய்த் தூரைப் பாருங்கள். மண் வெடித்துப் பிளந்திருக்கிறதா, கை நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா, அறுந்த வேர்களின் நுனி வெளியே தெரிகிறதா என்று பார்த்து அதைப் படமெடுங்கள். மட்டைக்கு மட்டும் படமெடுத்தால் பசுமையாகத்தான் தெரியும், மதிப்பிடுபவர் உயிரோடிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். இளமரமானால் கயிறு கட்டி நிமிர்த்தி, மண் அணைத்துப் பிழைக்க வைக்க முடியும், அதை இழப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. முப்பது வயது மரம் வேரில் பாதி அறுந்து சாய்ந்திருந்தால் அது வேறு கதை.

ஐந்தாவது, நேராக நின்றாலும் கொண்டை முறுகியிருப்பது. காற்று ஒரு பக்கமாகச் சுழற்றியதில் மட்டைகள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி, குருத்தின் அடி உள்ளுக்குள் நசுங்கியிருக்கும். இது அன்றைக்குச் சாகாது.

மாதிரிக்கு ஒரு தோப்பு

டி.ஆர். பட்டினம் பக்கம் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் தோப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 72 மரம். ஆறு இன்னும் வயது வராத தென்னம்பிள்ளைகள், இரண்டு தூரில் கசிவுள்ளவை. மீதி 64 மரங்களுக்குக் காப்பீடு. அவற்றில் 20 மரம் 15 வயதுக்குள், 44 மரம் 16 வயதுக்கு மேல். ஆண்டுப் பிரீமியம் இளமரத்துக்கு 180 ரூபாய், முதிர்ந்ததுக்கு 616 ரூபாய், மொத்தம் 796 ரூபாய். உழவரின் கால் பங்கு 199 ரூபாய். மாநில அரசின் பங்கு வராவிட்டால் 398 ரூபாய்.

நவம்பரில் புயல் வருகிறது. காப்பீடு செய்தவற்றில் வேரோடு சாய்ந்தது 12, அதில் 9 முதிர்ந்தவை, 3 இளையவை. முறிந்தது 4, கொண்டை போனது 2, இந்த ஆறும் முதிர்ந்தவை. ஆகப் போனது 18. சாய்ந்து நிற்பது 8. கொண்டை முறுகியது 5. இவை தவிர, காப்பீட்டில் இல்லாத தென்னம்பிள்ளை இரண்டும் நோய் மரம் இரண்டும் விழுந்துவிட்டன.

தோப்புக்காரர் எண்ணினால் பாதிக்கப்பட்டவை 35. நிவாரணத்துக்கு எண்ண வருபவர் தரையில் கிடப்பதையும் மொட்டையாக நிற்பதையும் மட்டும் எண்ணினால் 22. காப்பீட்டுக்காரர் எண்ணினால் 18. மூவரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் வேறொன்றை எண்ணியிருக்கிறார்கள். இந்த மூன்று எண்ணிக்கையையும் கலந்து பேசுவதால்தான் எண்ணும் நாளில் வாய்ச்சண்டை வருகிறது. உங்கள் பட்டியலை மூன்று பகுதியாகவே எழுதிக் கையில் வைத்திருந்தால், வருபவரோடு சண்டையிட வேண்டியது அந்த 13 மரங்களைப் பற்றி மட்டும்தான்.

இழப்பீட்டைப் பார்ப்போம். முதிர்ந்தவை 15, ஒன்றுக்கு 1,750 வீதம் 26,250 ரூபாய். இளையவை 3, ஒன்றுக்கு 900 வீதம் 2,700 ரூபாய். மொத்தம் 28,950 ரூபாய். மதிப்பிட்ட இழப்பில் 20 விழுக்காட்டை உழவரே ஏற்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்த 5,790 ரூபாயைக் கழித்தால் கைக்கு வருவது 23,160 ரூபாய். இன்னொரு விதியும் உண்டு. ஒன்றிரண்டு மரம் மட்டும் போனால் பணம் கிடையாது. 10 முதல் 30 மரம் வரையுள்ள தோப்பில் ஒன்றுக்கு மேலும், 31 முதல் 100 வரையானால் இரண்டுக்கு மேலும், நூறைத் தாண்டினால் மூன்றுக்கு மேலும் போயிருக்க வேண்டும். இந்தத் தோப்பில் 18 போனதால் அந்தத் தடை இல்லை.

இதே தோப்பை நிவாரணக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி பயிரில் 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமானால்தான் உதவி. 2022 முதலான விதியில் நீண்டகாலப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய், அதுவும் 2 எக்டேர் வரை. 72 மரத்தில் 22 போனால் 30 விழுக்காடு சொச்சம், தகுதி இல்லை. சாய்ந்து நிற்கும் எட்டில் இரண்டைப் போனதாக ஏற்றால் 24 ஆகிறது, மூன்றில் ஒரு பங்கு, தகுதி வந்துவிடுகிறது. ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 9,000 ரூபாய் அந்த இரண்டு மரத்தின் தூரில் இருக்கும் வெடிப்பைப் பொறுத்திருக்கிறது. மண் பிளவைப் படமெடுங்கள் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான்.

1,750 ரூபாய் ஒரு காய்க்கும் மரத்துக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. இருபது வருடம் வளர்த்த மரத்தின் ஓரிரு வருடக் காய்க்குக்கூட அது வராது. இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று உழவர் சங்கங்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனாலும் 199 ரூபாய் கட்டியவருக்கு 23,160 ரூபாய் வருகிறது, விழுந்ததை அறுத்து, குழி எடுத்து, புதுக் கன்று நடும் செலவில் ஒரு பகுதியை அது தாங்கும். அதற்கு மேல் இந்தப் பத்திரத்திடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வாழைக்கு வேறு வழி

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 வாழை. குலை தள்ளிய பூவனோ மொந்தனோ நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகக் காற்றுக்கே ஒடியும், புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. இத்தனை கன்றையும் தோட்டம் தோட்டமாக எண்ண எந்தக் காப்பீட்டு நிறுவனமும் தயாராக இல்லாததால், வாழைக்குப் பொதுவாகக் கிடைப்பது பிரதம மந்திரி பயிர்க் காப்பீடு அல்லது வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு. இரண்டிலும் தோட்டக்கலைப் பயிருக்கு உழவர் பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காடு. உங்கள் பருவத்துக்கு, உங்கள் கிராமத்துக்கு வாழை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அறிவிக்காத பயிருக்கு இடமே இல்லை.

முதல் வகையில் கணக்கு பரப்பின் கணக்கு. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதிலும் சில இடங்களில் மகசூல் சோதனை எடுத்து, சராசரி விளைச்சல் நிர்ணயித்த அளவுக்குக் கீழே எவ்வளவு விழுந்தது என்று பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, நிர்ணய விளைச்சல் ஏக்கருக்கு 10 டன், அந்த ஆண்டு வந்தது 7 டன் என்றால், குறைவு 30 விழுக்காடு. காப்பீட்டுத் தொகையில் 30 விழுக்காடு எல்லோருக்கும் கிடைக்கும், தோட்டமே படுத்தவருக்கும் ஒரு கன்றும் ஒடியாதவருக்கும். மாறாக, உங்கள் தோட்டம் ஆற்றங்கரையில் தனியாக அடிபட்டு, பகுதிச் சராசரி குறையாவிட்டால் உங்களுக்கு எதுவும் இல்லை. உங்கள் 1,210இல் எத்தனை ஒடிந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. வானிலை வகையில் எண்ணப்படுவது காற்றின் வேகம், மழையின் அளவு போன்றவை. அவை அறிவிக்கப்பட்ட நிலையத்தில் பதிவாக வேண்டும். உங்கள் தோட்டத்தில் வீசிய காற்று அந்தக் கருவியில் ஏறாவிட்டால் பணம் வராது.

பயிர்க் காப்பீட்டில் தனித் தோட்டத்தைப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஆலங்கட்டி, மண்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, இயற்கைத் தீ ஆகியவற்றில் உங்கள் வயல் மட்டும் பாதித்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் வந்து மதிப்பிடுவார்கள். 14447 என்ற எண்ணிலும் சொல்லலாம். புயல் காற்று மட்டும் என்றால் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நூலாறு, வாஞ்சியாறு, அரசலாறு நிரம்பித் தோட்டத்தில் தண்ணீர் நின்றால் அது வெள்ளம். புயலில் இரண்டும் சேர்ந்தே வரும். தகவல் கொடுக்கும்போது, காற்றில் ஒடிந்தது என்று மட்டும் எழுதிவிடாமல், தண்ணீர் எந்த நாளிலிருந்து எவ்வளவு உயரம் நின்றது என்பதையும், நின்றிருந்தால், எழுத மறக்காதீர்கள். நிற்காத தண்ணீரை எழுதினால், தண்டில் மண்கறை இல்லாததே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

கேரளத்து மாநிலப் பயிர்க் காப்பீட்டில் வாழையைக் கன்று கன்றாக எண்ணுகிறார்கள். குலை தள்ளியதற்கு ஒரு தொகை, தள்ளாததற்குக் குறைந்த தொகை என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். வாழை உழவருக்கு எது நஷ்டம் என்பதைப் புரிந்துகொண்ட முறை அது. நம் பகுதிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கு இது நல்ல முன்மாதிரி. நிவாரணத்துக்காக நம் ஊரில் எண்ண வந்தாலும் அந்த முறையிலேயே உங்கள் பட்டியலைத் தயார் செய்யுங்கள். தூரை ஒன்றாக எண்ணுங்கள், பக்கக்கன்றுகளைத் தனியாகச் சேர்க்காதீர்கள். ஒரு தூரில் மூன்று தண்டு நிற்பதை மூன்று வாழையாக எழுதினால் ஏக்கருக்கு 3,630 வரும், பார்ப்பவர் உங்கள் பட்டியலையே நம்பமாட்டார். குலை தள்ளியது, தள்ளாதது, மறுதாம்பு என்று மூன்றாகப் பிரித்தால் போதும்.

பிறகு சாகும் மரங்கள்

தென்னைக்குத் திரும்பி வருவோம், ஏனென்றால் அந்தக் கொண்டை முறுகிய ஐந்து மரங்களின் கதை புயல் வாரத்தில் முடிவதில்லை. அடிபட்ட குருத்தின் வழியே மழைநீர் இறங்கி, குருத்தழுகல் பிடிக்கும். தோப்பில் அழுகிக் கிடக்கும் மரங்களில் காண்டாமிருக வண்டு பெருகும், புதுக் காயங்களின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். டிசம்பரில் பச்சையாக நின்ற மரம் மார்ச்சில் கொண்டை சரிந்துவிடும். அதற்குள் மதிப்பீடு முடிந்து, கோப்பு மூடியிருக்கும்.

எனவே எண்ண வந்த நாளிலேயே அந்த ஐந்து மரத்தின் எண்களையும், சாய்ந்து நிற்கும் எட்டின் எண்களையும் அறிக்கையில் தனியாக எழுதச் சொல்லுங்கள். புயலில் சேதம், கண்காணிப்பில் உள்ளது என்ற ஒரு வரி போதும். எழுத மறுத்தால் நீங்களே ஒரு கடிதமாக எழுதி, எண்களோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த வரி இல்லாமல் மார்ச்சில் போய் நின்றால், இது வண்டால் செத்தது, புயலால் இல்லை என்பார்கள். பரவலாக வந்து மரத்தைக் கொல்லும் பூச்சி, நோய்க்கு மட்டுமே திட்டத்தில் இடமுண்டு. ஒன்றிரண்டு மரத்தில் வந்த வண்டுக்கு இல்லை.

மரத்தைக் காப்பாற்றவும் வேண்டும். காப்பாற்ற முயன்றதற்குச் சான்று இருந்தால், பராமரிக்காமல் சாகவிட்டார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. மழை விட்டதும் ஏறச்சொல்லி, முறிந்து தொங்கும் மட்டைகளை அகற்றி, குருத்தைச் சுற்றி ஒரு விழுக்காடு போர்டோ கலவை ஊற்றுங்கள். மருந்து வாங்கிய ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு வந்துவிட்டால், அடியில் நாற்றமும் கொழகொழப்பும் இருந்தால், அந்த மரம் பிழைக்காது. அன்றே படமெடுத்து, எண்ணைக் குறிப்பிட்டு, முன்பு முத்திரை வாங்கிய கடிதத்தின் நகலை இணைத்து, மறுபார்வைக்கு எழுதிக் கொடுங்கள். கட்டையை வெட்டும்போது எண் உள்ள அடிப்பகுதி மூன்றடி நிற்கட்டும், அவர்கள் வந்து பார்க்கும்வரை.